முக்கியமான நாளுக்கு முந்தைய இரவு மட்டும் ஏதாவது நடக்கிறது. இது பொறாமையா, என் கற்பனையா?

நீலவரி:

நானும் கணவரும் ஒரே தொழில். இருவரும் கட்டமைப்புப் பொறியாளர்கள், வேறு வேறு நிறுவனங்களில். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே ஆண்டுதான். முதல் சில வருடங்கள் அவர் என்னைவிட முன்னால் இருந்தார். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன், பொறுமையாகச் சொல்லித் தருவார். போன ஆண்டு எனக்குத் திட்டத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

அவர் என்னைத் திட்டியதில்லை, வேலையை விடச் சொன்னதும் இல்லை. நாலு பேர் முன்னால் "என் மனைவி பெரிய ஆள்" என்றுதான் பேசுவார். அதனால் வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே பல நாள் நம்பிக்கை இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வாடிக்கையாளர் முன்னால் நான் முதன்முறை தனியாக வடிவமைப்பை விளக்க வேண்டிய நாள். முந்தைய இரவு பதினோரு மணி. மடிக்கணினியை மூடப் போகும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு தடவை பார்க்கிறேனே" என்றார். பார்த்துவிட்டு, கட்டடத்தின் மேல் காற்று தரும் அழுத்தத்தைக் குறைவாக எடுத்திருக்கிறாய், இதை வைத்துக்கொண்டா நாளைக்கு நிற்கப் போகிறாய் என்றார். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. நான் பதறிப்போய் விடிய விடியத் தூண்களின் அளவைக் கூட்டி, படங்களை மாற்றி, தூங்காமல் போய் நின்றேன். கூட்டத்தில் எங்கள் மூத்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வியே "தூண்கள் ஏன் திடீரென்று இவ்வளவு பருத்துவிட்டன?" என்பதுதான். அப்புறம் உட்கார்ந்து சரிபார்த்தோம். என் பழைய கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். "எச்சரிக்கையாக இருப்பது தப்பா?" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. பதவி உயர்வுக் கடிதத்தைக் காட்டிய அன்று, படித்துவிட்டு "நல்லது" என்றார். அடுத்த மூச்சில் "மின்கட்டணம் கட்டிவிட்டாயா?" என்றார்.

இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. நான்தான் அதிகம் யோசிக்கிறேனா?

---

கடிகாரமுள்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பச்சையான பொறாமை. மனைவி ஒரு படி மேலே போனால் எந்த ஆணாலும் தாங்க முடியாது. சுவீடனில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், பதவி உயர்ந்த பெண்களுக்கு விவாகரத்து இரண்டு மடங்காம். சுற்றி வளைக்காமல் நேருக்கு நேர் "உனக்கு என் மேல் பொறாமையா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

---

ஒழுங்குமேசை:

நீலவரி, பிரச்சினை கடைசி நேர வேலையில்தான் இருக்கிறது என்று படுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கோப்பைப் பூட்டிவிடுவோம். அதன்பின் யார் என்ன சொன்னாலும் அடுத்த பதிப்பில்தான் திருத்தம். உண்மையான பிழை என்றால் அந்தக் கோப்பைத் தயாரித்த குழுவே கூடி முடிவு செய்யும். முந்தைய இரவு பதினோரு மணிக்கு எதையும் திறக்கவே கூடாது. தூக்கமும் கெடாது, சண்டையும் வராது.

---

நீலவரி:

ஒழுங்குமேசை, என் கேள்வி நேர நிர்வாகம் பற்றியது இல்லை. ஆனாலும் அந்தப் பூட்டும் விதி பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

கடிகாரமுள், ஒருமுறை கேட்டுவிட்டேன். "உன் வளர்ச்சியைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேனா? என்னைப் பற்றி இவ்வளவுதான் நினைத்திருக்கிறாயா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

---

மறுகரை:

தம்பதியர் ஆலோசனையில் நீண்ட காலமாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து உங்கள் கணவரை எடைபோட முடியாது. எதைக் கவனிக்கலாம் என்று வேண்டுமானால் சொல்ல முடியும்.

முதலில், ஒரே தொழில் என்று சொன்னீர்களே, அதுதான் இங்கே முக்கியமான தகவல். கடிகாரமுள் சொன்ன ஆண்-பெண் கணக்குக்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். ஆப்ரஹாம் டெஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். அவர் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: நெருங்கியவரின் வெற்றி நமக்குச் சம்பந்தமில்லாத துறையில் என்றால் அந்தப் பெருமையில் நாமும் பங்கு எடுத்துக்கொள்வோம். எதை வைத்து நம்மை நாமே அளக்கிறோமோ அதே துறையில் என்றால் அது குத்தும். ஆள் எவ்வளவு நெருக்கமோ குத்தும் அவ்வளவு ஆழம். பக்கத்து வீட்டுப் பொறியாளர் தலைவரானால் உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

1980இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். வார்த்தையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒருவர் குறிப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். எளிய குறிப்பா கடினமான குறிப்பா என்று கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது, நண்பர்களுக்கு எளிய குறிப்புகள் போயின. இது உங்கள் திறமையைக் காட்டும் சோதனை என்று சொன்னதும், நண்பர்களுக்கு இருந்த அந்தச் சலுகை போய்விட்டது. அந்நியர்களுக்குக் கொடுத்ததைவிடக் கடினமான குறிப்புகள் நண்பர்களுக்குப் போயின. அவர்கள் கணவன் மனைவி இல்லை, நண்பர்கள்தான், அதனால் அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களைக் கேட்டிருந்தால் "நான் நன்றாகத்தானே உதவினேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதனால்தான் "பொறாமையா?" என்ற கேள்வி எங்கும் போய்ச் சேராது. அது அவர் மனசுக்குள் இருப்பதைப் பற்றிய கேள்வி. அவருக்கே தெரியாமல் இருக்கலாம், தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார், உங்களால் நிரூபிக்கவும் முடியாது. பேச்சு உடனே அவர் எவ்வளவு காயப்பட்டார் என்பதற்குத் திரும்பிவிடும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான், நீங்கள் மன்னிப்புக் கேட்டதில் முடிந்தது.

மனசை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டு, அவர் கைக்குப் போகாத இடத்தில். ஒவ்வொரு சம்பவத்துக்கும் என்ன நடந்தது, மறுநாள் உங்களுக்கு என்ன இருந்தது, அந்த விஷயம் அவருக்கு முன்கூட்டியே தெரியுமா என்று எழுதுங்கள். இதைவிட முக்கியம், எதுவும் நடக்காத நாட்களையும் எழுத வேண்டும். பெரிய கூட்டம் இருந்தும் அவர் அமைதியாக இருந்த நாள், உதவி செய்த நாள், எந்தக் கூட்டமும் இல்லாமலே சண்டை வந்த நாள் எல்லாம். இதை விட்டுவிட்டால், சந்தேகப்பட்டதற்குச் சாட்சி சேர்க்கும் நோட்டாகிவிடும். எல்லா வாரமும் ஒரே மாதிரி உரசல் என்றால் அது உங்கள் இருவரின் பொதுவான பிரச்சினை. பிறர் பார்க்கப் போகும் நாட்களுக்கு முன்னால் மட்டும் உரசல் என்றால் வேறு கதை.

கடிகாரமுள்ளுக்கு ஒரு வார்த்தை. அந்த சுவீடன் ஆய்வு 2020இல் வந்தது. நகரத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற பதவிகளுக்குத் தேர்தலில் வென்ற பெண்களையும் தோற்ற பெண்களையும் ஒப்பிட்டார்கள். வென்ற பெண்களிடம் விவாகரத்து வாய்ப்பு இரட்டிப்பானது உண்மை. ஆண்களிடம் அப்படி ஆகவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அந்த விளைவு பெரும்பாலும் மனைவி வயதில் நன்றாக இளையவளாகவும், பிள்ளைக்கான விடுப்பைப் பெரும்பங்கு அவளே எடுத்தவளாகவும் இருந்த குடும்பங்களில்தான் தெரிந்தது. சமமாகப் பங்கிட்ட குடும்பங்களில் அப்படி இல்லை. "எந்த ஆணாலும்" என்று அதிலிருந்து வராது. பொறாமைதான் காரணம் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

---

கடிகாரமுள்:

சரி, நீங்கள் படித்திருக்கிறீர்கள், நான் தலைப்புச் செய்தி பார்த்தேன். ஆனாலும் ஆள் பொறாமைப்படுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

---

பாதிவழி:

என் கதை நேர் எதிர், அதனால் எழுதுகிறேன். எனக்கு முக்கியமான நாள் வந்தால் என் மனைவிதான் முந்தைய இரவு எதையாவது கிளப்புவாள். வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பும் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பாள், தொட்டுப் பார்த்தால் சூடே இருக்காது. நானும் பொறாமை என்றுதான் முடிவு கட்டியிருந்தேன். அவள் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

விட்டது எனக்காக. என் மாற்றலுக்காக. அதை நான் ஒரு நன்றி சொல்லிவிட்டு மறந்துவிட்டேன், அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பயணம் போனால் அவளுக்கு அது என் வெற்றி இல்லை, இன்னும் ஐந்து நாள் தனியாக எல்லாம் பார்க்க வேண்டும் என்ற செய்தி. அவள் மறுபடி பாதிநேர வேலைக்குப் போய், காலை வேலைகளை நான் எடுத்துக்கொண்ட பிறகு அந்த "காய்ச்சல்" வரவே இல்லை.

அதனால் கேட்கிறேன் நீலவரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்காக அவர் எதையாவது விட்டுக்கொடுத்தாரா?

---

நீலவரி:

கோபம் இல்லை. யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

மகள் பிறந்த சமயம் அவருக்கு வெளிநாட்டில் ஒரு வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை. அவர் போயிருந்தால் இன்றைக்கு என் இடத்தைத் தாண்டி இருப்பார் என்பது உண்மை. இப்போது நினைத்தால், நானும் அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டது எனக்கு வசதியாக இருந்தது என்றும் தோன்றுகிறது.

ஆனால் வீட்டு வேலை எங்கள் பிரச்சினை இல்லை. மகளைப் பார்ப்பதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

---

மறுகரை:

பாதிவழி கேட்டது நல்ல கேள்வி. மனக்குறை, பொறாமை இரண்டும் ஒரே வீட்டில் ஒரே ஆளிடம் இருக்கவும் முடியும், ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகாது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். குறை உள்ளவருக்கு உங்களிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டும். நேரம், ஓய்வு, ஒரு அங்கீகாரம். அது கிடைத்தால் தணியும். பாதிவழி வீட்டில் தணிந்தது. பொறாமைக்கு அப்படி ஒன்றும் வேண்டாம், நீங்கள் கொஞ்சம் கீழே வந்தால் போதும். உங்களுக்கு ஒரு சறுக்கல் வந்த நாளில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். வழக்கத்தைவிடக் கனிவாக, கலகலப்பாக இருக்கிறாரா?

---

நீலவரி:

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

தூண் விவகாரம் நடந்த அன்று இரவு, நான் அழுதபோது, அவர் எனக்குப் பிடித்த படத்தைப் போட்டு, போர்வையெல்லாம் எடுத்துவந்து, தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். பல மாதங்களில் அவ்வளவு அன்பாக இருந்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

நோட்டு ஆரம்பிக்கிறேன்.

---

தனிவழி:

நோட்டெல்லாம் சரி. நான் செய்ததைச் சொல்கிறேன். செய்தியைச் சொல்வதையே நிறுத்திவிட்டேன். நேர்காணல் முடிந்து வேலை உறுதியான பிறகு சொல்வேன். உரை நிகழ்த்தப் போவதை முடிந்த பிறகு சொல்வேன். தெரியாததைக் கெடுக்க முடியாதே. என் வேலை காப்பாற்றப்பட்டது.

---

மறுகரை:

தனிவழி, வேலை காப்பாற்றப்பட்டது சரி. உறவு?

---

தனிவழி:

இப்போது தனியாக இருக்கிறேன். ஆனால் அது நான் மறைத்ததால் இல்லை. மறைக்க வேண்டிய நிலைமை வந்தபோதே முடிந்துவிட்டிருந்தது. நீங்கள் ஆலோசனை அறையிலிருந்து பார்க்கிறீர்கள், நான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

---

மறுகரை:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நீலவரிக்கு இப்போதே அதைச் சொல்லமாட்டேன். மறைக்க ஆரம்பித்தால் அவர் மாறுகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிடும். கோப்பைக் காட்டாமல் இருப்பது வேறு, கூட்டம் இருப்பதையே சொல்லாமல் இருப்பது வேறு. முதலாவதைத் தயங்காமல் செய்யலாம்.

---

வேம்படி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இது நடந்தது, இப்போது சரியாகிவிட்டது. பின்னால் ஒருநாள் என் கணவரே சொன்னார்: "உன்னைக் கெடுக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நீ ஏதாவது கேட்டு என்னிடம் வந்தால்தான் நான் இருக்கிறேன் என்று தோன்றும். நீ கேட்பதை நிறுத்தியதும், கேட்க வைப்பதற்கு எதையாவது தேடினேன்." நீலவரி முதலில் எழுதியதில் "சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன்" என்று இருந்தது. அது நின்று எவ்வளவு நாள் ஆகிறது?

---

கடிகாரமுள்:

அதாவது இவர் இனி பொய்யாகச் சந்தேகம் கேட்டு அவர் மனசைக் குளிர வைக்க வேண்டுமா? நல்ல யோசனை!

---

வேம்படி:

அப்படி நான் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் சொன்னேன்.

---

நீலவரி:

சில வாரம் கழித்து வருகிறேன். நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சண்டை என்று பார்த்தால், எந்தக் கூட்டமும் இல்லாத நாட்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. அங்கே நான்தான் மிகைப்படுத்தியிருந்தேன். கட்டுமானத் தளத்துக்கு ஆய்வுக்குப் போகும் நாட்களில் ஒன்றுமே இல்லை, காலையில் தண்ணீர் பாட்டில்கூட நிரப்பி வைக்கிறார். அது உடம்பு நோகும் வேலை, யாரும் கைதட்டுவதில்லை.

ஆனால் "அக்கறை" என்று ஒரு பத்தி தனியாகப் போட்டிருந்தேன். அது முழுக்க முழுக்க நான் பலர் முன்னால் நிற்கும் நாட்களுக்கு முந்தைய மாலையில்தான் இருக்கிறது. "முகம் வாடியிருக்கிறதே, முடியுமா?" "போன தடவை குரல் நடுங்கியதே, பயிற்சி செய்தாயா?" போன தடவை குரல் நடுங்கியது என்று இவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. கோப்பை இரண்டு நாள் முன்பே பூட்டியதால் தூண் மாதிரி எதுவும் நடக்கவில்லை. பார்க்கிறேன் என்றார், அலுவலகத்தில் பூட்டிவிட்டார்கள் என்றேன். அதன்பின் பேச்சு கோப்பிலிருந்து என் முகத்துக்கும் குரலுக்கும் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் இன்னொன்று தெரியவந்தது. வெளிநாட்டுக் குழுவோடு ஒரு மாத வேலைக்கு என் பெயர் போயிருந்தது, பிறகு வேறொருவர் போனார். நான் தகுதி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று இயக்குநர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்றைக்கு உங்கள் கணவர்தான் போனை எடுத்தார். நீங்கள் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறீர்கள், இப்போதைக்குப் பயணம் வேண்டாம் என்று நினைப்பதாகச் சொன்னார். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நானும் கேட்கவில்லை." நான் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

---

கடிகாரமுள்:

இனிமேலும் நோட்டு எழுதப் போகிறீர்களா?

---

பாதிவழி:

நான் முன்பு எழுதியதை இதற்குப் பொருத்த முடியவில்லை. மனக்குறை இருந்தால் உங்களிடம் சண்டை போட்டிருக்கலாம். உங்கள் மேலதிகாரியிடம் பேசியது வேறு.

---

மறுகரை:

ஆமாம், இது வேறு. முகம் வாடியிருக்கிறது என்பது உங்கள் காதில் விழுகிறது, நீங்கள் நம்பலாம், நம்பாமல் விடலாம். உங்கள் சார்பில் இன்னொருவரிடம் முடிவு சொன்னால் உங்களுக்குத் தேர்வே இல்லை. முதலில் அந்தக் கதவை மூடுங்கள், காரணத்தை அப்புறம் பேசலாம். அலுவலகத்தில் உங்கள் விஷயத்தில் எந்த முடிவும் எழுத்தில் உங்களிடமிருந்து வந்தால்தான் செல்லும் என்று இயக்குநரிடம் சொல்லுங்கள். வீட்டுக் கதை எதுவும் சொல்ல வேண்டாம், "என் பயண விஷயங்களை இனி மின்னஞ்சலிலேயே கேளுங்கள்" என்றால் போதும். போன், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சான்றிதழ்கள், கடவுச்சீட்டு எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

பிறகு ஒரு கேள்வி, யோசித்துப் பதில் சொல்லுங்கள். இதை அவரிடம் கேட்கப் போகிறேன் என்று நினைக்கும்போது வயிற்றில் என்ன தோன்றுகிறது? சங்கடமா, பயமா? பணத்தை அவர் கையில் வைத்திருக்கிறாரா? நண்பர்களைப் பார்ப்பதைக் குறைத்திருக்கிறீர்களா? பயம் என்றால் அவரோடு சேர்ந்து ஆலோசனைக்குப் போகாதீர்கள், தனியாகப் போங்கள். சேர்ந்து போனால் அந்த அறையில் நீங்கள் சொன்னதெல்லாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு உங்கள் மேல் திரும்பலாம்.

---

நீலவரி:

பயம் இல்லை. பணம் அவரவர் கணக்கில். சங்கடம்தான், அதுவும் நிறைய.

---

மறுகரை:

அப்படியென்றால் பேசலாம். தூண், குரல், மின்கட்டணம் எதையும் எடுக்காதீர்கள். எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வரும், இரவு முடிந்துவிடும். அந்த ஒரு அழைப்பை மட்டும் பேசுங்கள். அதில் மனசைப் பற்றிய ஊகம் தேவையில்லை, நடந்தது நடந்ததுதான். அடுத்து, இனி என்ன வேண்டும் என்பதைச் செய்யக்கூடிய ஒரு செயலாகச் சொல்லுங்கள். "என்னை ஆதரி" என்றால் "ஆதரிக்கத்தானே செய்கிறேன்" என்பார். "என் போன் அடித்தால் எடுக்காதே" என்றால் செய்தாரா இல்லையா என்று இருவருக்கும் தெரியும்.

---

வேம்படி:

அந்த வெளிநாட்டு வாய்ப்பை அவர் விட்டதையும் பேசுங்கள் நீலவரி. ஆனால் அதே நாளில் வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று ஆகிவிடும்.

---

நீலவரி:

பேசினேன். மகள் தூங்கிய பிறகு, எனக்கு மறுநாள் எதுவும் இல்லாத ஒரு இரவாகப் பார்த்து.

"இயக்குநர் அழைத்தபோது நான் வரமாட்டேன் என்று சொன்னாய். என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இனி என் போனை எடுக்க வேண்டாம், என் வேலை விஷயத்தில் எனக்காக யாரிடமும் பேச வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான்.

முதலில் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை என்றார். அப்புறம், நீ அப்போது உண்மையிலேயே களைத்துத்தானே இருந்தாய் என்றார். நான் எதற்கும் பதில் சொல்லாமல் அதே இரண்டு வாக்கியங்களைத் திரும்பச் சொன்னேன். நீண்ட நேரம் கழித்து, "ஒரு மாதம் நீ அங்கே போய்விட்டு வந்தால் அதன்பின் என்னிடம் பேச உனக்கு என்ன இருக்கும்?" என்றார். வேம்படி சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று, அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த நிமிடம் வரை கேட்கவில்லை.

---

தனிவழி:

அந்தக் கேள்வி கேட்கும்போது உருக்கமாகத்தான் இருக்கும். போன வாய்ப்பு போனதுதான்.

---

வேம்படி:

எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படுகிறது. என் கணவர் அந்த இடத்துக்கு வருவதற்கே ஒரு வருடம் ஆயிற்று.

---

மறுகரை:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, எது மேலோங்கும் என்று இந்த வாக்கியத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. மனம் திறந்ததா, அல்லது உங்களைப் பேச்சிலிருந்து திருப்பியதா என்பது அடுத்த இரண்டு மூன்று மேடைகளில் தெரியும். நோட்டை நிறுத்தாதீர்கள். அவர் போனைத் தொடாமல் இருந்து, ஆனால் வேறு வழியில் அதே விளைவு வருகிறதா என்று பாருங்கள். கோப்பு பூட்டப்பட்டதும் பேச்சு முகத்துக்கு நகர்ந்ததைக் கவனித்தீர்களே, அந்த மாதிரி நகர்வு. ஒன்றை மூடினால் இன்னொன்று திறப்பது நின்றால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்வேன்.

---

ஒழுங்குமேசை:

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன் போல. ஆனாலும் அந்தப் பூட்டும் விதியை விடாதீர்கள்.

---

நீலவரி:

விடவில்லை. ஒழுங்குமேசை சொன்னதுதான் இதுவரை முழுசாக வேலை செய்த ஒரே யோசனை.

இயக்குநரிடம் மின்னஞ்சல் விஷயம் சொல்லியாயிற்று. அடுத்த தடவை வெளிநாட்டுக் குழு வரும்போது என் பெயரைச் சேர்க்கும்படி எழுத்திலேயே கேட்டிருக்கிறேன். அதைக் கணவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்து ஆலோசனைக்கு வரமாட்டேன் என்கிறார், நான் மட்டும் போகப் போகிறேன். அவர் விட்ட அந்த வாய்ப்பைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, யாராவது பேசியிருந்தால் சொல்லுங்கள்.

---

பாதிவழி:

நான் பேசியிருக்கிறேன். "நீ அன்றைக்கு விட்டது இன்றைக்கு உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். "நான் கேட்கவில்லையே, நீயாகத்தானே விட்டாய்" என்ற வரி தொண்டை வரை வரும். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் தடவை என் மனைவி ஒன்றும் இல்லை என்று எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்.